பாட வீடியோவை மென்பொருளே தயாரித்துவிடுமா? ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

பாடத் தலைப்பை மட்டும் கொடுத்தால் முழு வீடியோவும் வந்துவிடுமா?

வரும். “பின்னங்களைக் கூட்டுவது எப்படி, ஐந்து நிமிட வீடியோ” என்று தட்டினால் குரல், படம், பின்னணி இசை, திரையில் எழுத்து எல்லாமும் சேர்ந்த ஒரு கோப்பைச் சில நிமிடங்களில் கொடுக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. பார்ப்பதற்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதை வகுப்பில் போட முடியுமா என்பதற்கு அதன் அழகை வைத்து விடை சொல்ல முடியாது. ஒரு சொல் காதில் விழும் நொடியில் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பாட வீடியோவின் உயிர் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. தானாக நடக்கும் தயாரிப்பு பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான்.

எனவே என் பதில் இது. ஒட்டுகிற வேலை முழுவதையும் மென்பொருளிடம் விடலாம்: எழுத்தைக் குரலாக்குவது, குரலோடு படத்தை இணைப்பது, வசன வரி போடுவது, கோப்பாக எடுப்பது. எந்த வாக்கியத்துக்கு எந்தப் படம் என்பதை ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்த மென்பொருள்கள் உள்ளே என்ன செய்கின்றன?

வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும், உள்ளே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கோத்துக் கொடுப்பது. மென்பொருள் உங்கள் தலைப்பிலிருந்து ஓர் உரை எழுதும், அதை ஸ்லைடுகளாகப் பிரிக்கும், சேமிப்பில் உள்ள படங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றுவதை எடுத்து வைக்கும், இயந்திரக் குரலில் படிக்கும். திரையில் ஓர் உருவம் நின்று வாயசைத்துப் பேசும் வகையும் இதில் அடக்கம்.

இரண்டாவது வழி, காட்சியையே புதிதாக உருவாக்குவது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024-இல் அறிமுகப்படுத்திய சோரா இந்த வகை. எழுத்தில் விவரித்தால் அசையும் காட்சி வரும்.

மூன்றாவது வழி, நிரல் மூலம் வரைவது. கணித வீடியோக்களுக்காக கிராண்ட் சாண்டர்சன் எழுதத் தொடங்கிய மானிம் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் எதை எங்கே எப்போது வரைய வேண்டும் என்று நாம் எழுதுகிறோம், அது அப்படியே வரைகிறது.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், எண்ணிக்கையும் அளவும் வரும் இடத்தில். ஒரு பட்டையை ஆறு சம பாகமாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் இரண்டாவது வகை மென்பொருள் ஏழு பாகம் காட்டலாம், ஐந்து காட்டலாம், பாகங்கள் சமமில்லாமலும் போகலாம். இதுவரை பார்த்த ஏராளமான காட்சிகளின் சாயலில் அது படம் வரைகிறது. உள்ளே “ஆறு” என்று எண்ணி வைத்துக்கொண்டு வரைவதில்லை. அதனால் எரிமலையோ கடலலையோ காட்ட அது உதவும். பின்னம், கோணம், மின்சுற்று, வரைபடம் போன்றவற்றுக்கு நம்பக் கூடாது. மின்சுற்றில் ஒரு கம்பி எங்கோ இணையாமல் தொங்கினால் பாடமே தப்பாகிவிடும், மாணவர் அதைத்தான் பார்த்து வரைவார்.

ஓர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

1/2 + 1/3 பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் இதில் செய்யும் தவறு எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டி 2/5 என்று எழுதுவார்கள். வீடியோவின் வேலை அந்தத் தவறைத் தொட்டுக் காட்டுவது.

தலைப்பை மட்டும் கொடுத்தால் இப்படி ஒன்று வருவது வழக்கம்: “பின்னங்களைக் கூட்டும் முறை” என்று தலைப்பு, அதன் கீழே “படி 1: பகுதிகளைச் சமமாக்குக, படி 2: தொகுதிகளைக் கூட்டுக” என்று வரிகள், பக்கத்தில் கரும்பலகை முன் சிரிக்கும் மாணவர்கள் படம். குரல் அந்த வரிகளை அப்படியே படிக்கும். சொன்னதில் தவறு இல்லை. ஆனால் பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும் என்பது எங்கேயும் கண்ணுக்குத் தெரியவில்லை. 2/5 என்று எழுதும் பிள்ளை, வீடியோ முடிந்த பிறகும் 2/5 என்றே எழுதும்.

அப்படியானால் உங்களிடமிருந்து மென்பொருளுக்குப் போக வேண்டியது இரண்டு பத்திகள் கொண்ட ஓர் உரை: இடப்பக்கம் காதுக்கு, வலப்பக்கம் கண்ணுக்கு.

| கேட்பது | பார்ப்பது |
|---|---|
| அரையோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் எவ்வளவு? | 1/2 + 1/3 = ? |
| சிலர் ஐந்தில் இரண்டு என்பார்கள். | கேள்விக்குறி இருந்த இடத்தில் 2/5 |
| ஆனால் ஐந்தில் இரண்டு, அரையைவிடச் சிறியது. | ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள், ஒன்றன் கீழ் ஒன்று. மேலே பாதி வண்ணம், கீழே ஐந்தில் இரண்டு வண்ணம் |
| சேர்த்த பிறகு குறையுமா? | அதே படம், 3 நொடி அமைதி |
| பட்டையை ஆறு சம பாகமாக்குவோம். | வெற்றுப் பட்டை, ஆறு கட்டங்கள் |
| அரை என்பது மூன்று கட்டம். | மூன்று கட்டங்கள் நீலம் |
| மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டு கட்டம். | அடுத்த இரண்டு ஆரஞ்சு |
| மொத்தம் ஆறில் ஐந்து. | 5/6 என்ற எழுத்து |

இதில் பாடமே மூன்றாவது வரியில் இருக்கிறது. ஏற்கெனவே கையில் அரை இருந்தது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், விடை எப்படி அரையைவிடக் குறையும்? இந்தக் கேள்வியைத் தானாக எழுதும் உரை பெரும்பாலும் கேட்பதில்லை. உங்கள் வகுப்பில் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

பட்டைக் காட்சியை மானிமில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
from manim import *

class Pinnam(Scene):
    def construct(self):
        pattai = VGroup(*[Square(side_length=1) for _ in range(6)])
        pattai.arrange(RIGHT, buff=0)
        self.play(Create(pattai))
        self.play(pattai[:3].animate.set_fill(BLUE, 1))
        self.play(pattai[3:5].animate.set_fill(ORANGE, 1))
        self.play(Write(Text("5/6").next_to(pattai, DOWN)))
        self.wait(2)
```

நிரல் தெரியாதவர்கள் இதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். `range(6)` என்ற இடத்தை மட்டும் பாருங்கள். கட்டங்கள் ஆறு என்று அங்கே எழுதியிருக்கிறது, அதனால் எத்தனை முறை ஓட்டினாலும் ஆறுதான் வரும். இதே காட்சியை பவர்பாயின்டில் நான்கு ஸ்லைடுகளாகவும் செய்யலாம்: வெற்றுப் பட்டை, மூன்று நீலம், இரண்டு ஆரஞ்சு, கடைசியில் 5/6. பாட அளவில் பலன் ஒன்றே.

குரலும் படமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

“அரை என்பது மூன்று கட்டம்” என்று குரல் சொல்லும்போதே ஆரஞ்சுக் கட்டமும் நிறைந்துவிட்டால், பிள்ளைக்கு ஐந்து கட்டம் தெரிகிறது, மூன்று என்று காதில் விழுகிறது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். தானாகச் செய்த வீடியோக்களில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் இது கண்ணில் படாது.

காரணம் எளியது. ஒரு காட்சிக்கு 20 நொடிக் குரல் இருந்தால், பல மென்பொருள்கள் அந்தக் காட்சியின் படங்களை எல்லாம் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிடும், அல்லது 20 நொடியைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். எந்தச் சொல்லில் படம் மாற வேண்டும் என்பதை அவை கணக்கில் எடுப்பதில்லை.

தீர்வும் எளியதுதான்: ஒரு வாக்கியம், ஒரு ஒலிக்கோப்பு, ஒரு படமாற்றம். பத்தி முழுவதையும் ஒரே மூச்சில் குரலாக்கச் சொல்லாமல் வாக்கியம் வாக்கியமாக எடுங்கள். ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய ஸ்லைடில் வையுங்கள். அந்த ஸ்லைடு தங்கும் நேரம் ஒலியின் நீளத்தைவிட அரை நொடி கூடுதலாக இருக்கட்டும். பவர்பாயின்டில் வீடியோவாக எடுக்கும்போது, நேரம் குறிக்காத ஸ்லைடு ஒவ்வொன்றுக்கும் 5 நொடி என்று அதுவாகவே வைத்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிட்டால் சொல்லும் படமும் விலகிப்போக வாய்ப்புண்டு.

இன்னொரு சிக்கல், அமைதி. “சேர்த்த பிறகு குறையுமா?” என்று கேட்டுவிட்டு வகுப்பில் நீங்கள் சற்று நிறுத்துவீர்கள். இயந்திரக் குரல் நிறுத்தாது, அடுத்த வரிக்குப் போய்விடும். சில குரல் மென்பொருள்கள் `<break time="3s"/>` என்ற குறியைப் புரிந்துகொண்டு மூன்று நொடி காத்திருக்கும். உங்களுடையது அதை ஏற்காவிட்டால், ஒலியே இல்லாத ஒரு ஸ்லைடை இடையில் வைத்து நேரம் கொடுத்துவிடலாம்.

இயந்திரக் குரலில் தமிழ் சரியாக வருமா?

முன்பைவிட நன்றாகவே வருகிறது. மைக்ரோசாஃப்டின் குரல் பட்டியலில் `ta-IN-PallaviNeural`, `ta-IN-ValluvarNeural` என்று பெண் குரல் ஒன்றும் ஆண் குரல் ஒன்றும் இருக்கின்றன. சாதாரண வாக்கியங்களை இரண்டும் தெளிவாகவே படிக்கும். பாடப்பொருளில்தான் தடுமாற்றம்.

முதலில் எண்களும் குறிகளும். உரையில் 1/2 என்று எழுதினால் அது “அரை” என்று வரலாம், “ஒன்று இரண்டு” என்று வரலாம், தேதியாகக்கூட எடுத்துக்கொள்ளப்படலாம். “6-இல் 5” என்பதை “ஆறு, இல், ஐந்து” என்று துண்டு துண்டாகப் படிக்கலாம். எனவே குரலுக்குப் போகும் உரையில் எண்களே வேண்டாம். “ஆறில் ஐந்து” என்று காதுக்கு எப்படி வர வேண்டுமோ அப்படியே எழுத்தில் எழுதுங்கள். எண்ணும் குறியும் திரைக்கு மட்டும். மேலே உள்ள அட்டவணையின் இடப்பக்கத்தில் ஒரு எண்கூட இல்லாததற்கு இதுவே காரணம்.

அடுத்து, அறிவியல் பெயர்கள். தமிழில் ‘ப’ ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் மென்மையாகவும் ஒலிக்கும், எழுத்து ஒன்றே. “பாக்டீரியா”, “பேட்டரி” போன்ற சொற்களில் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று இயந்திரம் ஊகிக்கத்தான் வேண்டும். ஒரு வீடியோவில் சரியாகச் சொன்ன சொல்லை இன்னொன்றில் பிசகிச் சொல்லலாம். பாடத்தில் வரும் கலைச்சொற்களை மட்டும் தனி வரிகளாக எழுதி முதலில் ஒருமுறை படிக்கவிட்டுக் கேளுங்கள். பிசகும் சொல் இருந்தால் எழுத்தை மாற்றிப் பாருங்கள், அல்லது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உங்கள் குரலில் பதிந்து வையுங்கள்.

அப்படியே முழுவதையும் உங்கள் குரலில் பதியலாமே என்று தோன்றினால், தாராளமாக. மேலே உள்ள எட்டு வாக்கியங்களைக் கைப்பேசியில் படித்துப் பதிய ஐந்து நிமிடம் போதும். தெரிந்த ஆசிரியரின் குரல் கேட்டால் பிள்ளைகள் கவனிப்பார்கள். இயந்திரக் குரலின் உண்மையான வசதி வேறு: அடுத்த ஆண்டு ஒரு வாக்கியத்தை மாற்ற நேர்ந்தால், அதே குரலில், அதே தொனியில் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே, ஏன்?

“கொ” என்ற எழுத்தில் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நிற்கின்றன. கணினி இதைச் சரியாக அடுக்க அதற்கென ஒரு தனி வேலை செய்ய வேண்டும். அந்த வசதி இல்லாத வீடியோ மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த வட்டத்தைப் பார்த்தாலே எழுத்தை அடுக்கும் வேலையில் கோளாறு என்று புரிந்துகொள்ளலாம், உங்கள் தட்டச்சில் பிழை இல்லை.

சோதித்துப் பார்க்க “கொடுத்தான், கோணம், பௌதிகம், ஸ்ரீ” என்று ஒரு வரி போதும். நான்கும் சரியாக வந்தால் பயப்படத் தேவையில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவைத் தமிழுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. சரியாக அடுக்கும் மென்பொருளில்கூட, அந்த அசைவின்போது கொம்பு முதலில் வந்து நின்று, எழுத்து பின்னால் வந்து சேர்வதைப் பார்க்கலாம். வரி முழுவதும் ஒன்றாகத் தோன்றும்படி வைத்துவிடுங்கள். படத்தையே உருவாக்கும் மென்பொருளிடம் படத்துக்குள் தமிழில் எழுதச் சொன்னால், எழுத்து மாதிரியான கோடுகள் வருவதும் உண்டு. பெயர்களையும் அம்புக்குறிகளையும் படத்தின் மேல் நீங்களே ஒட்டுவது பாதுகாப்பு.

குரல் சொல்வதையே திரையிலும் எழுதிக் காட்டினால் நன்றாகப் பதியாதா?

அப்படித் தோன்றும், ஆனால் பதிவது குறைகிறது. படமும் சொல்லும் சேர்ந்த கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்டு மேயர் என்ற உளவியலாளர் இதை ஒரு கோட்பாடாகவே சொல்கிறார்: படமும் குரலும் இருக்கும்போது அதே வரிகளைத் திரையிலும் போட்டால் கற்றல் குறையும். கண் எழுத்தைப் படிக்கப் போய்விடுகிறது, பட்டையில் நடப்பதைத் தவறவிடுகிறது. வரிவரியாக எழுதிப் படித்துக் காட்டும் தானியங்கி வீடியோக்களின் பெரிய குறை இது. பேசும் உருவத்தைத் திரையில் நிறுத்துவதாலும் கற்றல் கூடிவிடுவதில்லை என்பது அவர் தொகுத்த முடிவுகளில் ஒன்று.

காது கேளாத மாணவருக்கும் அந்த மொழியைப் புதிதாகக் கற்பவருக்கும் வசன வரி தேவை. அதைப் படத்தோடு ஒட்டிவிடாமல், வேண்டும்போது காட்டி வேண்டாதபோது மறைக்கும் தனிக் கோப்பாக வையுங்கள். உரை உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதால் அதிலிருந்தே வசன வரியை எடுத்துவிடலாம். குரலைக் கேட்டுத் தானாக எழுதும் வசதியை நம்பினால் “தொகுதி” வேறொன்றாக மாறிவிடக்கூடும்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

குறைவாக. பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகிய மூவரும் எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அது வீட்டிலிருந்து தாங்களாகப் பார்த்தவர்களின் கணக்கு, வகுப்பறைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ என்று வைத்தால் இந்தக் கேள்வியே எழாது. நம் பின்ன வீடியோ, இடையில் உள்ள அமைதியையும் சேர்த்து, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

தயாரானதை எப்படிச் சரிபார்ப்பது?

ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். படம் மட்டும் பார்த்து, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஆறில் ஐந்து ஆனது புரிகிறதா? பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள். குரல் பிசகுகள் அப்போதுதான் காதில் படும். மூன்றாவதாக, ஒவ்வொரு படமாற்றத்திலும் நிறுத்தி எண்ணுங்கள்: கட்டம் எத்தனை, அம்பு எதைக் காட்டுகிறது, அளவு சரிதானா. ஒரு நிமிட வீடியோவுக்கு இவ்வளவும் பத்து நிமிட வேலை.

மென்பொருளே உரை எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குரலும் படமும் நேர்த்தியாக இருக்கும் வீடியோவில் ஒரு தப்பான வரி, கையெழுத்துத் தாளில் இருப்பதைவிட எளிதாகத் தப்பித்துவிடும். அதனால் வீடியோவாக்கும் முன்பே, வெறும் உரையாக இருக்கும்போது பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

மாணவர்களின் முகம், குரல், புத்தகப் பக்கங்களைச் சேர்க்கலாமா?

முகமும் குரலும் வேண்டாம். இணையத்தில் இயங்கும் மென்பொருளில் ஏற்றியது பிறகு எங்கே போகிறது என்று உங்களால் கண்காணிக்க முடியாது. புத்தகப் படத்தை அப்படியே ஏற்றினால் உரிமைச் சிக்கல் வரலாம். பட்டை, வட்டம், அம்பு போன்ற எளிய படங்களை நீங்களே வரைந்துகொள்வது நல்லது.

முடிந்த பிறகு எதையெல்லாம் சேமித்து வைக்க வேண்டும்?

இறுதி `.mp4` கோப்பு மட்டும் போதாது. அதைத் திருத்துவது கடினம். இரண்டு பத்தி உரை, வாக்கியம் வாக்கியமான ஒலிக்கோப்புகள், ஸ்லைடு கோப்பு அல்லது நிரல், இந்த மூன்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். ஒலிக்கோப்புகளுக்கு 01, 02, 03 என்று வரிசை எண்ணிலேயே பெயர் கொடுங்கள். 2/5 என்று சொன்ன பிள்ளைகள் குறைந்து, வேறு ஏதாவது தவறு புதிதாகத் தலைகாட்டினால், இரண்டாவது முதல் நான்காவது வரையுள்ள வரிகளையும் அவற்றின் படங்களையும் மட்டும் மாற்றி மறுபடி எடுத்துவிடலாம்.